‘பார்த்துக்கலாம் சார்’: காலில் சொன்னது ரிப்போர்ட்டில் வர வேண்டும்

வியாழக்கிழமை ரிவ்யூ கால். வெள்ளிக்கிழமை மாலைக்குள் மேலாளருக்கு ஸ்டேட்டஸ் ரிப்போர்ட். ஐ.டி. நிறுவனம், கட்டுமான நிறுவனம், ஏற்றுமதி நிறுவனம் என்று எங்கே போனாலும் ப்ராஜெக்ட் வேலை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓடுகிறது. காலில் பத்துப் பேர் ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். ரிப்போர்ட்டோ ஒரே பக்கம். அதை எழுதுகிற பொறுப்பு பெரும்பாலும் டீம் லீட் அல்லது கோஆர்டினேட்டர் தலையில் விழுகிறது.

முடிந்த வேலைகளை எழுதுவதில் சிரமமில்லை. அவற்றைச் செய்தவர்களே சதவீதத்தோடு சொல்லிவிடுவார்கள். விடை கிடைக்காத கேள்விகளும் ரிஸ்க்குகளும் அப்படி வருவதில்லை. “இப்போது ஒரு ரிஸ்க் சொல்கிறேன்” என்று யாரும் ஆரம்பிப்பதில்லை. வேறு எதையோ பற்றிய பேச்சின் கடைசியில் அரை வாக்கியமாக அது வந்துபோகும். அதைக் கேட்டு, தனியே எடுத்து, மேலாளர் படித்து முடிவெடுக்கக்கூடிய ஒரு வரியாக மாற்றுவதுதான் ரிப்போர்ட் எழுதுபவரின் உண்மையான வேலை. அது எப்படி நடக்கிறது என்பதை ஒரு மாதிரி காலை வைத்துப் பார்ப்போம்.

மூன்று அரை வாக்கியங்கள்

மூன்று கிளைகள் உள்ள ஒரு மருத்துவமனை பழைய பில்லிங் சாஃப்ட்வேரை விட்டுப் புதியதற்கு மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். டிசம்பர் 1, திங்கட்கிழமை காலை முதல் புதிய சாஃப்ட்வேரில்தான் பில் போட வேண்டும். இன்று நவம்பர் 13, வியாழக்கிழமை. காலில் சாஃப்ட்வேர் நிறுவனத்தாரும் மருத்துவமனையின் கணக்குப் பிரிவும் இருக்கிறார்கள்.

டேட்டா குழுவின் லீட் சொல்கிறார்: “ரெண்டு பிராஞ்ச் டேட்டா முடிஞ்சிருச்சு சார். மூணாவதுல மட்டும் ஒரே பேஷன்ட்டுக்கு ரெண்டு நம்பர் வருது. பார்த்துக்கிறோம்.”

“டேட் தள்ளிப் போகுமா?”

“இல்ல சார், மேனேஜ் பண்ணிடலாம்.”

அடுத்து டெஸ்டிங் குழு: “இன்சூரன்ஸ் சைடு டெஸ்ட் லாகின் இன்னும் வரல. மெயில் போட்டிருக்கோம். திங்கட்கிழமை வந்துரும்னு வெச்சுத்தான் பிளான் போட்டிருக்கோம்.”

கால் முடியப்போகிற நேரத்தில் மருத்துவமனைக் கணக்குப் பிரிவு அதிகாரி கேட்கிறார்: “ஒரு சந்தேகம். 30ஆம் தேதி ராத்திரி வார்டுல இருக்கிறவங்களுக்கு டிஸ்சார்ஜ் பில் எதுல போடுறது? பழசுலயா, புதுசுலயா?” சில நொடிகள் யாரும் பேசவில்லை. “நல்ல பாயின்ட் மேடம், அதை ஆஃப்லைன்ல பேசிக்கலாம்” என்று ஒரு குரல். கால் முடிந்தது.

இந்தக் காலிலிருந்து வழக்கமாக எழுதப்படும் ரிப்போர்ட் இப்படி இருக்கும்: “டேட்டா மாற்றம் மூன்று கிளைகளில் இரண்டில் முடிந்தது, மூன்றாவது நடந்துவருகிறது. டெஸ்டிங் திட்டமிட்டபடி போகிறது. பெரிய சிக்கல் எதுவும் இல்லை. நிலை: பச்சை.” இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனாலும் இதைப் படித்த மேலாளருக்கு அந்த மூன்று விஷயங்களும் தெரியாது. இப்படிப்பட்ட ரிப்போர்ட்டுக்கு ப்ராஜெக்ட் வட்டாரத்தில் தர்பூசணி என்று பெயர். வெளியே பச்சை, உள்ளே சிவப்பு.

கேள்வி, ரிஸ்க், சிக்கல்

மூன்று பேர் சொன்னதும் ஒரே மாதிரி கவலையாகத் தோன்றலாம். ஆனால் மூன்றும் மூன்று வகை. வகை தெரிந்தால்தான் மேலாளரிடம் என்ன கேட்பது என்று தெரியும்.

ஒரே நோயாளிக்கு இரண்டு எண் இருப்பது ஏற்கெனவே நடந்துவிட்ட ஒன்று. அது சிக்கல். அதற்கு ஆளும் நேரமும் வேண்டும். இன்சூரன்ஸ் லாகின் வராமல் போவது இன்னும் நடக்கவில்லை, நடக்கலாம். அது ரிஸ்க். அதைத் தடுக்க ஒரு வழியும், தடுக்க முடியாமல் போனால் ஒரு மாற்று வழியும் வேண்டும். வார்டு நோயாளிகளின் பில் பற்றியது விடை வராத கேள்வி. பொறுப்பில் உள்ள ஒருவர் ஒரு பதிலைச் சொன்னால் அது தீர்ந்துவிடும்.

இந்த மூன்றையும் கலந்து “கவனிக்க வேண்டியவை” என்று ஒரே தலைப்பில் போட்டால், மேலாளர் தலையாட்டிவிட்டு அடுத்த மெயிலுக்குப் போய்விடுவார். எதற்கு ஆள் தர வேண்டும், எதற்கு யாரைக் கூப்பிட்டுப் பேச வேண்டும், எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது அந்தப் பட்டியலில் இருக்காது.

டெஸ்டிங் குழு சொன்னதில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. “வந்துரும்னு வெச்சுத்தான்” என்பது ஓர் அனுமானம். ரிஸ்க் அதிகமாக ஒளிந்திருக்கும் இடமே அதுதான். அனுமானத்தைச் சொல்பவர் அதைத் திட்டம் என்றே நினைத்துச் சொல்கிறார். கேட்பவர்களும் திட்டம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வாக்கியத்தை “வராவிட்டால்” என்று திருப்பிப் போட்டுப் பார்த்தால் ரிஸ்க் தெரிந்துவிடும்.

காதில் விழ வேண்டிய சொற்கள்

பழகியவர்கள் சில சொற்களைக் கேட்டதும் பேனாவை எடுத்துவிடுவார்கள். “பார்த்துக்கலாம்”, “மேனேஜ் பண்ணிடலாம்”, “மோஸ்ட்லி ஓகே”, “வந்துரும்”, “ஆஃப்லைன்ல பேசலாம்”. இவற்றில் எதிலும் யார், எத்தனை, என்றைக்குள் என்ற மூன்றும் இல்லை. இல்லாததைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும்.

சொல்லாமல் விட்டதும் முக்கியம். கேள்வி ஒன்று கேட்கப்பட்டு, பதில் வராமல் பேச்சு வேறு பக்கம் திரும்பினால் அது இன்னும் திறந்தே இருக்கிறது. மூன்று வாரமாக ஒரே விஷயத்துக்கு ஒரே பதில் வந்தால் அதுவும் அப்படித்தான். “ஒரு சின்ன டவுட்” என்று ஒருவர் ஆரம்பித்து, இன்னொருவர் குறுக்கே பேசியதால் நிறுத்திக்கொண்டால், கால் முடிந்ததும் அவரைத்தான் முதலில் கூப்பிட வேண்டும்.

நம் ஊர் அலுவலகங்களில் இந்தக் கடைசி வகை அதிகம். கிளையன்ட் இருக்கும் காலில், லீட் “முடிஞ்சிரும்” என்று சொன்ன பிறகு, அவருக்குக் கீழே வேலை பார்க்கும் பையனோ பெண்ணோ “முடியாது சார்” என்று சொல்ல மாட்டார்கள். அது மரியாதைக் குறைவு என்று நினைப்பார்கள். அந்தத் தகவல் காலுக்குப் பிறகு டீக்கடையிலோ வாட்ஸ்ஆப்பிலோ வரும். அங்கே வந்தாலும் அது ரிப்போர்ட்டில் சேர வேண்டிய தகவல்தான். சொன்னவர் பெயரைப் போடாமல், விஷயத்தை மட்டும் லீடிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு சேர்க்கலாம்.

குறிப்பு எடுக்கும்போது சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுவது நல்லது. “டேட்டா சிக்கல், டீம் கவனிக்கிறது” என்று உடனே சுருக்கிவிட்டால், மாலையில் அதைப் பார்க்கும்போது எண்ணிக்கை கேட்கவில்லை என்பதே மறந்துபோயிருக்கும். “ரெண்டு நம்பர் வருது, பார்த்துக்கிறோம்” என்று இருந்தால் “எத்தனை பேருக்கு?” என்ற கேள்வி தானே எழும். கால் பதிவு செய்யப்பட்டிருந்தால் அந்த இடத்தின் நிமிடத்தையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளலாம்.

ரிப்போர்ட்டுக்கு முன் மூன்று போன்

குறிப்பிலிருந்து நேராக ரிப்போர்ட் எழுத முடியாது. நடுவில் சில போன் கால்கள் தேவை. நம் உதாரணத்தில் மூன்று.

டேட்டா லீடிடம் கேட்டால் எண்ணிக்கை வருகிறது. மூன்றாவது கிளையில் 1,100 நோயாளிகளுக்கு இரண்டு எண்கள் உள்ளன. எதை வைத்துக்கொள்வது என்று சாஃப்ட்வேர் ஆட்களால் முடிவு செய்ய முடியாது. மருத்துவமனையின் ரெக்கார்டு பிரிவில் உள்ளவர் ஒவ்வொன்றாகப் பழைய ஃபைலைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஓர் ஆள் ஒரு நாளைக்கு 90 பார்க்கலாம். இரண்டு பேர் உட்கார்ந்தால் ஏறக்குறைய ஆறு வேலை நாள். நவம்பர் 20ஆம் தேதிக்குள் ஆட்களைக் கொடுத்தால், 21ஆம் தேதி தொடங்கி, நடுவில் ஞாயிறு போக, 27ஆம் தேதி முடியும். அதற்கு மேல் தள்ளினால் டிசம்பர் 1 கைவிட்டுப் போகும். “மேனேஜ் பண்ணிடலாம்” என்று அவர் சொன்னது, மருத்துவமனை ஆள் கொடுக்கும் என்ற நம்பிக்கையில். அதை இதுவரை மருத்துவமனையிடம் யாரும் கேட்கவில்லை.

டெஸ்டிங் குழுவிடம் கேட்டால் கணக்கு வருகிறது. கேஷ்லெஸ் கிளைமைச் சோதிக்க எட்டு நாள், வரும் பிழைகளைச் சரிசெய்ய இரண்டு நாள். லாகின் 17ஆம் தேதி வந்து 18ஆம் தேதி தொடங்கினால் 28ஆம் தேதி வரை மிகச் சரியாகப் பத்து வேலை நாள்தான் இருக்கிறது. ஒரு நாள்கூட மிச்சமில்லை.

கணக்குப் பிரிவு அதிகாரியிடம் பேசும்போதுதான் கேள்வியின் ஆழம் தெரிகிறது. வார்டில் இருப்பவர்கள் கட்டிய அட்வான்ஸ் பழைய சாஃப்ட்வேரில் இருக்கிறது. அவர்களுக்கு டிஸ்சார்ஜ் வரை பழையதிலேயே பில் போடலாம் என்றால் இரண்டு சாஃப்ட்வேரும் சில வாரம் ஒன்றாக ஓட வேண்டும். புதியதற்கு மாற்றுவதென்றால், பாக்கித் தொகையை ஏற்றுவதற்கு ஒரு ஸ்கிரீன் வேண்டும். அந்த ஸ்கிரீன் இப்போதைய திட்டத்திலேயே இல்லை. சந்தேகம் என்று அவர் கேட்டதன் பின்னால் ஒரு புதிய வேலையே காத்திருக்கிறது.

இப்போது ரிப்போர்ட்டின் அந்தப் பகுதியை எழுதலாம்:

1. சிக்கல்: மூன்றாவது கிளையில் 1,100 நோயாளிகளுக்கு இரட்டை எண். சரிபார்க்க மருத்துவமனை ரெக்கார்டு பிரிவிலிருந்து இரண்டு பேர், ஆறு வேலை நாள் தேவை. நவ. 20க்குள் ஆட்கள் கிடைக்காவிட்டால் டிச. 1 தள்ளிப் போகும். உங்களிடம் வேண்டுவது: மருத்துவமனை நிர்வாகத்திடம் இரண்டு பேரைக் கேட்டு வாங்குவது.

2. ரிஸ்க்: இன்சூரன்ஸ் டெஸ்ட் லாகின் வரவில்லை, வருவதற்கு உறுதியான தேதியும் இல்லை. நவ. 17க்குள் வராவிட்டால் கேஷ்லெஸ் சோதனை முழுவதும் முடியாது. டிச. 1 அன்று கிளைம்களைக் கையால் அனுப்ப வேண்டி வரலாம். பொறுப்பு: டெஸ்டிங் லீட். 17 மாலை வரை வராவிட்டால், நீங்கள் இன்சூரன்ஸ் தரப்பு மேலாளரிடம் பேச வேண்டும்.

3. கேள்வி: நவ. 30 இரவு வார்டில் இருப்பவர்களுக்கு எந்த சாஃப்ட்வேரில் பில்? கேட்டவர்: மருத்துவமனைக் கணக்குப் பிரிவு. முடிவெடுக்க வேண்டியவர்: மருத்துவமனை நிதித் தலைவர். நவ. 18க்குள் தேவை. புதியதில் என்றால் கூடுதல் ஸ்கிரீன் ஒன்று செய்ய வேண்டும்.

நிலை: மஞ்சள்.

ரிஸ்க் வரியை உற்றுப் பார்த்தால் அதில் ஓர் ஒழுங்கு தெரியும். முதலில் இன்று உண்மையாக இருக்கும் காரணம், அடுத்து நடக்கக்கூடியது, அதன் பிறகு விளைவு. “லாகின் தாமத ரிஸ்க்” என்று மூன்று சொல்லில் எழுதினால் இவற்றில் எதுவும் இருக்காது. எழுதிய வரியை அனுப்புவதற்கு முன் அதைச் சொன்னவரிடம் ஒருமுறை காட்டிவிட வேண்டும். அவர் சந்தேகம் என்று சொன்னதை நாம் ஆபத்து என்று உயர்த்தியிருக்கலாம், ஆபத்து என்று சொன்னதைச் சந்தேகமாக இறக்கியுமிருக்கலாம். தவிர, தன் பெயருக்கு நேரே ஒரு சிக்கல் மேலாளரிடம் போவதை யாரும் வெள்ளிக்கிழமை மாலை மெயிலில் முதன்முதலாகப் பார்க்கக் கூடாது. அப்படி ஒருமுறை நடந்தால் அடுத்த காலில் அவர் வாயே திறக்க மாட்டார்.

முடிந்துவிட்டது என்று விட்ட விஷயம்

இதுவரை சொன்னவை பதில் இல்லாமல் மிதந்தவை. காலிலேயே விவாதித்து முடிவுக்கு வந்துவிட்ட கவலையை என்ன செய்வது? முடிந்துவிட்டதே என்று விட்டுவிடத்தான் தோன்றும். அப்படி விட்டதற்கு 1986ஆம் ஆண்டு சேலஞ்சர் விண்வெளி ஓடம் கொடுத்த விலையைப் பற்றி விரிவான அரசு விசாரணை அறிக்கையே இருக்கிறது.

ஜனவரி 27 இரவு, ஏவுவதற்கு முந்தைய நாள், ஒரு டெலிகான்ஃபரன்ஸ் நடந்தது. யூட்டா மாநிலத்தில் பூஸ்டர் ராக்கெட் செய்த மார்ட்டன் தயக்கால் நிறுவனம், அலபாமாவில் நாசாவின் மார்ஷல் மையம், ஃபுளோரிடாவில் கென்னடி மையம் என மூன்று இடங்களிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் அதில் இருந்தார்கள். மறுநாள் காலை கடும் குளிர் என்று வானிலைக் கணிப்பு. பூஸ்டர் இணைப்புகளை அடைக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையங்கள் குளிரில் இறுகிப்போய், சட்டென்று விரிந்து அடைக்காமல் போகலாம் என்று ரோஜர் பாய்ஸ்ஜாலி உள்ளிட்ட பொறியாளர்கள் வாதிட்டார்கள். வளையங்களின் வெப்பநிலை 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் ஏவ வேண்டாம் என்பது முதலில் தயக்காலின் பரிந்துரை. நாசா தரப்பு அதை ஏற்காமல் எதிர்த்துப் பேசியது. தயக்கால் தனியே கலந்து பேச நேரம் கேட்டு, ஏறக்குறைய அரை மணி நேரத்துக்குப் பிறகு திரும்பி வந்து, ஏவலாம் என்று சொன்னது. பொறியாளர்கள் மனம் மாறவில்லை, முடிவை எடுத்தது நிர்வாகிகள். வேறு கருத்து இருக்கிறதா என்று கடைசியில் லைனில் கேட்கப்பட்டபோது யாரும் பேசவில்லை. ஏவலாம் என்ற பரிந்துரை கையெழுத்தோடு ஃபேக்ஸில் வந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் நம் விஷயம். அன்றிரவு மார்ஷல் மையத்தின் ஸ்டான்லி ரெய்னார்ட்ஸும் லாரன்ஸ் மல்லாயும் விண்வெளி ஓடத் திட்டத்தின் மேலாளர் அர்னால்ட் ஆல்ட்ரிச்சிடம் போனில் பேசினார்கள். பூஸ்டர்களைக் கடலிலிருந்து மீட்கும் கப்பல்கள் மோசமான கடலில் தவிப்பதைப் பற்றிப் பேசினார்கள். ஓ-ரிங் பற்றிப் பேசவில்லை. மறுநாள் விடியற்காலை மார்ஷல் மையத் தலைவர் வில்லியம் லூகாஸிடம் ஒரு கவலை எழுந்ததாகவும் அது தீர்ந்துவிட்டதாகவும் சொல்லப்பட்டது. ஏவுவதற்கு இறுதி ஒப்புதல் தர வேண்டிய ஜெஸ்ஸி மூரிடம் எதுவும் போய்ச் சேரவில்லை. ஜனவரி 28 காலை 11.38க்குப் புறப்பட்ட ஓடம் 73 நொடிகளில் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள். எல்லா விவரங்களும் தெரிந்திருந்தால் முடிவெடுத்தவர்கள் அன்று ஏவியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று ரோஜர்ஸ் ஆணையம் எழுதியது.

விஷயத்தை மேலே சொல்லாதவர்கள் அதை மறைப்பதாக நினைக்கவில்லை. தங்கள் மட்டத்தில் பேசி முடித்த விஷயம், மேலே கொண்டுபோகத் தேவையில்லை என்றே நினைத்தார்கள். ஒரு காலின் முடிவை மட்டும் ரிப்போர்ட் செய்யும் எவரும் இதே வழியில்தான் போகிறார்கள். முடிவோடு, அந்த முடிவுக்கு யார் உடன்படவில்லை, என்ன காரணம், எந்த எல்லைக்குள் அந்த முடிவு சரி என்ற இரண்டு வரியும் போக வேண்டும். மருத்துவமனை உதாரணத்தில் அது இப்படி இருக்கலாம்: “டிச. 1 தேதியை மாற்ற வேண்டாம் என்று முடிவு. மூன்றாவது கிளையை மட்டும் ஒரு வாரம் தள்ளலாம் என்று டேட்டா குழுவில் ஒரு கருத்து, காரணம் இரட்டை எண்கள். நவ. 24இல் பாதி எண்கள் சரியாகாவிட்டால் மறுபடி பேச வேண்டும்.” யார் சொன்னது சரி என்று தீர்ப்பு சொல்வது ரிப்போர்ட் எழுதுபவரின் வேலை அல்ல. மாறுபட்ட கருத்து வழியில் தொலைந்துவிடாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை.

எத்தனை போதும்

இதைக் கேட்டுவிட்டு எல்லாச் சந்தேகத்தையும் ரிப்போர்ட்டில் கொட்டினால் வேறு விதமாகக் கெடும். பதினைந்து ரிஸ்க் இருக்கும் பக்கத்தை இரண்டாவது வாரம் முதல் யாரும் படிக்க மாட்டார்கள். தேதி, பணம், பாதுகாப்பு ஆகியவற்றில் ஒன்றைத் தொடுகிறதா, அல்லது மேலாளர் மட்டுமே செய்யக்கூடிய ஏதாவது தேவைப்படுகிறதா என்று ஒவ்வொன்றையும் கேட்டுப் பார்த்தால், பெரும்பாலான வாரங்களில் மூன்று முதல் ஐந்துதான் மிஞ்சும். மற்றவை குழுவின் பட்டியலில் இருக்கட்டும். வாரம்தோறும் காலுக்கு முன் அதை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும்.

ரிப்போர்ட்டில் ஏறிய வரி சத்தமில்லாமல் இறங்கக் கூடாது என்பதும் முக்கியம். போன வாரம் இருந்த ரிஸ்க் இந்த வாரம் காணோம் என்றால், தீர்ந்துவிட்டதா, எழுத மறந்துவிட்டதா என்று மேலாளருக்குத் தெரியாது. அதனால் எந்த வரியும் தன் பதிலோடுதான் வெளியேற வேண்டும். நவம்பர் 21 ரிப்போர்ட்டில் அந்த மூன்று வரிகளும் இப்படி இருக்கலாம். இரட்டை எண்: 17ஆம் தேதி இரண்டு பேர் வந்தார்கள், நேற்று மாலை வரை 700 முடிந்தது, திட்டப்படி போகிறது. லாகின்: உங்கள் போனுக்குப் பிறகு 19ஆம் தேதி வந்தது, இரண்டு நாள் இழப்பு, கிளைம் அதிகம் வரும் நிறுவனங்களை முதலில் சோதிக்கிறோம், மீதிக்கு முதல் வாரம் கையால் அனுப்புவதற்கு மருத்துவமனை சம்மதித்துள்ளது. வார்டு பில்: டிஸ்சார்ஜ் வரை பழைய சாஃப்ட்வேரிலேயே போடுவது என்று நிதித் தலைவர் 18ஆம் தேதி எழுத்தில் சொல்லிவிட்டார், கூடுதல் ஸ்கிரீன் தேவையில்லை, முடிந்தது.

லாகின் இரண்டு நாள் தாமதமாகத்தான் வந்தது. ரிஸ்க்கை எழுதியதால் அந்தத் தாமதம் நடக்காமல் போய்விடவில்லை. ஆனால் எதை முதலில் சோதிப்பது, எதைக் கையால் அனுப்புவது என்று யோசிக்கவும், மருத்துவமனையிடம் கேட்டுச் சம்மதம் வாங்கவும் நாட்கள் மிச்சமிருந்தன. 28ஆம் தேதி மாலை முதன்முதலாகத் தெரிந்திருந்தால், டிசம்பர் 1 காலை கவுன்ட்டரில் நிற்கும் நோயாளியின் குடும்பத்திடம்தான் அந்தச் செய்தியைச் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.